திட்டக்குடிச் சமவெளியில் ஒரு மேக நிழல்

திட்டக்குடிப் பக்கத்து நிலத்தைப் படமாக்க வருகிறவருக்கு முதல் தொல்லை அது தட்டையாகக் கிடப்பதுதான். வெள்ளாற்றின் கரையையும், கீழ்ச்செருவாய் அருகே வெலிங்டன் ஏரியின் நீண்ட மண்கரையையும் விட்டால் மேடு என்று சொல்ல அதிகமில்லை. கரைமேல் ஏறி நின்று பார்த்தால் நெல், கரும்பு, மக்காச்சோளம், எங்கோ ஒரு பனைவரிசை, அதற்குமேல் வானம். நேரில் நிற்கும்போது காற்றும் வெயிலும் கொக்குகளும் சேர்ந்து அந்தக் காட்சியை நிறைத்துவிடும். படத்தில் அதெல்லாம் போய், மேலே வெள்ளை, நடுவே ஒரு கோடு, கீழே பச்சை என்று மூன்று பட்டைகள்தான் மிஞ்சும்.

இதற்குக் கணினியில் காட்சி அமைப்பவர்களும் படத்தைத் திருத்துபவர்களும் இன்று சொல்லும் வைத்தியம் ஒன்றுதான்: நிலத்தின் மேல் ஒரு மேக நிழலை ஓடவிடு. ஒரே சீரான வெயில் உடையும், கண் தங்க ஓர் இடம் கிடைக்கும், காட்சிக்கு ஒரு பரபரப்பு வரும் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அப்படிச் சேர்க்கப்பட்ட நிழல்களில் பெரும்பாலானவை பொய்யாகத் தெரிவதும் உண்மை. பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மட்டும் தோன்றும். அந்த ‘ஏதோ’ என்ன என்று பிரித்துப் பார்த்தால்தான் இந்த உத்தியை எங்கே ஏற்பது, எங்கே தள்ளுவது என்று சொல்ல முடியும்.

முதலில் இதன் பக்கம் பேசக்கூடிய மிக வலுவான சாட்சியைக் கேட்போம். நெதர்லாந்து ஓவியர் யாக்கோப் வான் ரூய்ஸ்தால் 1670களில் ஹார்லெம் நகரத்தைத் தூரத்திலிருந்து பார்ப்பதாகப் பல ஓவியங்கள் தீட்டினார். ஹேக் நகரின் மவுரிட்ஷவுஸ் அருங்காட்சியகத்தில் இருப்பது அவற்றில் புகழ்பெற்றது. அதுவும் நம்முடையதைப் போலத் தட்டை நிலம்தான். படத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வானத்துக்குப் போய்விடுகிறது. மீதி ஒரு பங்கில், மணற்குன்றின் மேலிருந்து பார்ப்பதுபோல, வெளுக்கப் போட்ட துணிகள் விரித்த வயல்கள், வீடுகள், தொடுவானத்தில் பெரிய தேவாலயம். இவ்வளவையும் தாங்கிப் பிடிப்பது மேக நிழல்தான். ஓரிடம் இருண்டிருக்கும், அதற்கப்பால் துணி விரித்த வயலில் வெயில் விழும், மறுபடி இருள், மறுபடி ஒளி. மலைநாட்டு ஓவியருக்கு ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குன்றுகள் எந்த ஆழத்தைக் கொடுக்கின்றனவோ, அதை இவருக்கு மாறிமாறி வரும் ஒளிப்பட்டையும் நிழல்பட்டையும் கொடுத்துவிடுகின்றன.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்த நிழல்கள் திட்டுத்திட்டாக இல்லை. கிடைமட்டப் பட்டைகளாக இருக்கின்றன. இது ஓவியரின் பாணி மட்டுமல்ல, தட்டை நிலத்தின் கணக்கும் அதுதான்.

அந்தக் கணக்கை வெலிங்டன் ஏரிக்கரையில் போட்டுப் பார்க்கலாம். கரைமேல் நிற்பவரின் கண் வயல் மட்டத்திலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2 கிலோமீட்டர் தொலைவில் 500 மீட்டர் விட்டமுள்ள வட்ட நிழல் ஒன்று வயலில் கிடக்கிறது. 60 டிகிரி அகலத்தைப் பிடிக்கும் லென்ஸில், 4000 புள்ளி அகலமுள்ள படத்தில் அந்த நிழல் எப்படித் தெரியும்? அகலம் ஏறத்தாழ 870 புள்ளி. உயரம் வெறும் 4 புள்ளி. நிலத்தில் முழு வட்டமாகக் கிடப்பது, கண்ணுக்கு ஒரு கோடாகிவிடுகிறது. அதே நிழல் 300 மீட்டரில் தொடங்கி 800 மீட்டர் வரை கிடந்தால் உயரம் 70 புள்ளிக்கு வரும். ஆக அருகில் தடித்த பட்டை, தள்ளிப் போகப்போக மெல்லிய கோடு. சமவெளிக்கு ஆழம் தருவது இந்தத் தேய்மானம்தான். நிழலின் கருமை அல்ல.

திருத்தப்பட்ட படங்களில் அடிக்கடி காண்பது இதற்கு நேர்மாறு. நடுவயலில் ஒரு நீள்வட்டக் கறை. அதன் உயரம் அகலத்தில் பாதியாவது இருக்கும். அப்படி ஒரு நிழல் கண்ணுக்குத் தெரிய வேண்டுமானால், ஒன்று நிலம் நம்மை நோக்கிச் சாய்ந்து எழ வேண்டும், அல்லது நாம் வெகு உயரத்திலிருந்து பார்க்க வேண்டும். 100 மீட்டர் உயரத்தில் டிரோனைப் பறக்கவிட்டால்கூட, 2 கிலோமீட்டரில் உள்ள அந்த நிழல் 44 புள்ளி உயரத்துக்குத்தான் வரும். அப்போதும் அகலத்தில் இருபதில் ஒரு பங்கு. நீலகிரிச் சரிவில் வட்டமாகத் தெரிகிற நிழலை அப்படியே எடுத்துக் கடலூர் மாவட்டத்து வயலில் ஒட்டினால், பார்ப்பவரின் கண் நிலத்தைச் சரிவாக வாசித்துவிடுகிறது. தட்டை நிலத்தைக் காப்பாற்ற வந்த நிழலே அதன் தட்டைத்தன்மையைப் பொய்யாக்குகிறது.

அடுத்து ஒளி. தை மாதத்துப் பிற்பகலை எடுத்துக்கொள்வோம். ஏரியில் தண்ணீர் நிற்கும், வயல் பச்சை, வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து பஞ்சு மேகங்களைத் தென்மேற்கே தள்ளும். இந்த உத்திக்கு இதைவிடப் பொருத்தமான பருவம் இங்கே இல்லை. மேகத்தின் அடிமட்டம் எவ்வளவு உயரம் என்று அறிய ஒரு சுருக்கு வழி உண்டு. காற்றின் வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள வேறுபாட்டை 125-ஆல் பெருக்கினால் உயரம் மீட்டரில் கிடைக்கும். 30 டிகிரி வெப்பம், 22 டிகிரி பனிநிலை என்றால் 1000 மீட்டர். ஜனவரி நடுவில் பிற்பகல் 2.30 மணி வாக்கில் சூரியன் இங்கே தென்மேற்கில் ஏறத்தாழ 45 டிகிரி உயரத்தில் இருக்கும். அப்படியானால் மேகத்தின் நிழல் மேகத்துக்கு நேர் கீழே விழாது. 1 கிலோமீட்டர் தள்ளி, வடகிழக்கே விழும்.

இந்த 1 கிலோமீட்டர் விலகல் ஒரு பழைய குற்றச்சாட்டைத் தீர்த்துவைக்கிறது. ‘நிழல் இருக்கிறது, மேலே மேகத்தைக் காணோமே’ என்று சேர்க்கப்பட்ட நிழலைக் குறை சொல்வார்கள். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து வடகிழக்கே பார்த்தால், 2 கிலோமீட்டரில் விழும் நிழலுக்கு உரிய மேகம் நம்மிடமிருந்து 1 கிலோமீட்டரில், 45 டிகிரி உயரத்தில் இருக்கும். சட்டகத்துக்குள் அது வராது. காணவில்லை என்பது குற்றமே இல்லை. தென்மேற்கே, சூரியனை நோக்கிப் பார்த்தால் கதை வேறு. அதே தொலைவில் விழும் நிழலுக்கு மேகம் 3 கிலோமீட்டரில், 18 டிகிரி உயரத்தில் நிற்கும், படத்துக்குள்ளேயே வந்துவிடும். அங்கே துடைத்துவைத்த நீல வானம் இருந்தால் நிழல் திருட்டு நிழல்தான்.

ஆனால் மேகம் இருக்கிறதா என்பதைவிடப் பெரிய சோதனை ஒன்று உண்டு. பனைமரத்தின் நிழல். மேகம் சூரியனை மறைத்ததும் நிலத்தில் மிஞ்சுவது வானத்திலிருந்து எல்லாத் திசையிலும் சிதறி வரும் ஒளி மட்டுமே. வெளிச்சம் நான்கிலோ ஐந்திலோ ஒரு பங்காகக் குறையும். கேமராக்காரர் கணக்கில் இரண்டு ஸ்டாப், கொஞ்சம் கூடலாம். வெளிச்சம் குறைவது பாதி விஷயம்தான். மேக நிழலுக்குள் மரம், வரப்பு, மின்கம்பம் எதற்கும் கூரான நிழல் இருக்காது. இலைகளில் பளபளப்பு இருக்காது. நெல் தாளின் ஒரு பக்கம் மினுங்கி மறுபக்கம் இருண்டிருக்காது. நிழலுக்குள் எல்லாமே மங்கி ஒன்றுபோல் ஆகிவிடும்.

புகைப்படத்தில் இருட்டுத் தூரிகையைப் போட்டு நிழல் வரைபவர் தோற்பது இங்கேதான். தூரிகை வெளிச்சத்தைக் குறைக்கும். பனையின் நிழலை அழிக்காது. எனவே இருண்ட திட்டுக்குள்ளேயே ஒவ்வொரு மரமும் தன் நிழலைக் கூராகப் போட்டுக்கொண்டு நிற்கும். சூரியன் மறைந்திருக்கிறது, ஆனால் சூரியன் அடிக்கிறது என்று படம் ஒரே இடத்தில் இரண்டு சொல்கிறது. திருத்திய படமா என்று சந்தேகம் வந்தால் வேறு எதையும் தேட வேண்டாம், இருண்ட இடத்துக்குள் ஒரு வரப்பின் நிழலைத் தேடுங்கள்.

தண்ணீர் இன்னொரு பொறி. தெளிந்த நீர் நிழலை ஏற்காது. அது வானத்தைத்தான் காட்டும். நிழல் படிய வேண்டுமானால் நீரில் ஒளியைச் சிதறடிக்க ஏதாவது மிதக்க வேண்டும். ஆங்கிலத் திறனாய்வாளர் ஜான் ரஸ்கின் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஓவியர்களை இதைச் சொல்லி எச்சரித்தார். வெள்ளம் வந்து கலங்கிய ஏரியில் மேக நிழல் நிலத்தில் போலவே படியும். மண் அடங்கித் தெளிந்த பிறகு, நிழல் கரையோடு நின்றுவிட்டதுபோல் தோன்றும். தண்ணீர் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்காமல் கரை முதல் கரை வரை ஒரே இருட்டைப் பூசுவது தவறு.

முப்பரிமாணக் காட்சியில் இந்தத் தொல்லைகள் பாதி தானாகத் தீரும். பிளெண்டர் போன்ற மென்பொருளில் பொதுவான வழி, நிலத்துக்கு மேலே ஒரு பெரிய தட்டையான தாளை விரித்து, அதில் மேகம் போன்ற ஓட்டைகள் விழும்படி ஒரு வடிவத்தைக் கொடுத்து, கேமராவின் கண்ணுக்குத் தாளை மறைத்துவிடுவது. சூரிய விளக்கு அந்த ஓட்டைகள் வழியே வயலில் விழும். தாள் உண்மையாகவே சூரியனை மறைப்பதால் பனையின் நிழலும் கூடவே மறைந்துபோகும். புகைப்படத் தூரிகையால் முடியாதது இது.

ஆனால் தாளை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வசதிக்காக அதை வயலுக்கு மேல் 50 மீட்டரில் வைப்பார்கள். சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டம். பிளெண்டரின் சூரிய விளக்கிலும் `Angle` என்ற இடத்தில் 0.526 டிகிரி என்றே முன்கூட்டியே இருக்கும். அதனால் நிழலின் ஓரம் எவ்வளவு மென்மையாக இருக்கும் என்பது மறைக்கும் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 1000 மீட்டர் உயர மேகத்தின் நிழலுக்கு, நாம் சொன்ன 45 டிகிரிச் சூரியனில், தரையில் 18 மீட்டர் அகல ஓரம் இருக்கும். 50 மீட்டர் உயரத் தாளுக்கு அது 1 மீட்டர்கூட வராது. கத்தியால் வெட்டியதுபோல் நிழல் விழும்.

இதைக் கண்டு பயந்து `Angle` அளவை 10 டிகிரிக்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. மேகத்தின் ஓரம் மென்மையாகிவிடும், சரி. ஆனால் வெயிலில் நிற்கும் பனையின் நிழலும் கூடவே கரைந்துபோகும். 10 மீட்டர் தள்ளி விழும் நிழலின் ஓரம் 9 சென்டிமீட்டர் இருக்க வேண்டியது ஒன்றே முக்கால் மீட்டராகிவிடும். பளிச்சென்ற வெயிலில் நிழலே இல்லாத மரங்கள்! சூரியனைத் தொடாமல் தாளை 1000 மீட்டருக்கே ஏற்றிவிடுவதுதான் சரி. ஏற்றியதும் நிழலே விழவில்லை என்று சிலர் குழம்புவார்கள். அது 1 கிலோமீட்டர் தள்ளி விழுந்துகொண்டிருக்கும். தாளைச் சூரியன் இருக்கும் பக்கமாக அவ்வளவு நீட்டினால் போதும். இன்னொன்று: தாளை முழுக்க ஒளிபுகாததாக வைத்தால் அது வானத்து ஒளியையும் சேர்த்து அடைத்துவிடும், நிழல் கரியாகிவிடும். நிழலில் வெயிலின் ஐந்தில் ஒரு பங்காவது மிஞ்சும்வரை தாளைக் கசியவிட வேண்டும்.

இதுவரை எல்லாம் நின்ற படத்துக்குப் பொருந்தும். நிழல் நகரத் தொடங்கியதும் வேறொரு கேள்வி வருகிறது. எனக்கு இந்த உத்தியில் மிகப்பெரிய ஏமாற்று நடப்பது இங்கேதான் என்று படுகிறது.

மேகம் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் போகிறது என்று கொள்வோம். நல்ல வாடைக்காற்றுக்கு இது நியாயமான அளவு. சூரியக் கதிர்கள் இணையாக வருவதால் நிழலும் அதே வேகத்தில்தான் போகும். விநாடிக்கு 24 சட்டகம் ஓடும் படத்தில் ஒரு சட்டகத்துக்கு மூன்றில் ஒரு மீட்டர். காட்சியின் எக்ஸ் அச்சைக் காற்றுத் திசைக்குத் திருப்பி வைத்திருந்தால், தாளின் `Location X` கட்டத்தில் இதை மட்டும் எழுதினால் போதும்:

```
#frame/3
```

இப்போது 6 விநாடி ஷாட் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். நிழல் 48 மீட்டர் நகர்ந்திருக்கும். கரையிலிருந்து 2 கிலோமீட்டரில், நிழல் நம்மை நோக்கி வந்தால், அந்த 48 மீட்டர் படத்தில் அரைப் புள்ளிகூட இல்லை. குறுக்கே போனால் 4000 புள்ளியில் 83 புள்ளி. அதாவது தூரத்து நிழல் உண்மையில் நகர்வதே தெரியாது. 600 மீட்டர் வயலைக் கடக்க அதற்கு 75 விநாடி வேண்டும். எந்தப் படத்தொகுப்பாளரும் ஒரு ஷாட்டுக்கு அவ்வளவு நேரம் தரமாட்டார். ஆகவே வேகத்தைக் கூட்டுகிறார்கள். 6 விநாடியில் நிழல் சமவெளி முழுதும் பாய்கிறது. கீழே நாற்று நடுகிறவர்கள் சாதாரண வேகத்தில் குனிந்து நிமிர்கிறார்கள், கொக்கு சாதாரணமாக இறக்கை அடிக்கிறது, மேலே மட்டும் புயல் வேகத்தில் காலம் ஓடுகிறது. ஒரே சட்டகத்துக்குள் இரண்டு கடிகாரம்.

நேர்மையான வேகமூட்டல் உண்டு. நின்ற இடத்தில் கேமராவை வைத்து ஒன்றேகால் விநாடிக்கு ஒரு படம் எடுத்து ஓட்டினால், காலம் 30 மடங்கு விரையும்; 6 விநாடியில் நிழல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஓடும். அங்கே கொக்கும் ஆட்களும் அலையும் சேர்ந்தே துடிக்கும். எல்லாம் ஒரே கடிகாரத்தில் ஓடுவதால் கண் அதை ஏற்றுக்கொள்கிறது. சேர்க்கிற நிழலுக்கும் இதே விதி. நிழல் 30 மடங்கு என்றால் நெற்பயிரின் ஆட்டமும் 30 மடங்கு.

அப்படியென்றால் சாதாரண வேகத்தில் மேக நிழலுக்கு வேலையே இல்லையா? உண்டு, தூரத்தில் அல்ல, காலடியில். வடகிழக்கே பார்த்து நிற்கிறோம், நிழல் நம்மை நோக்கி வருகிறது. அதன் 18 மீட்டர் ஓரம் நாம் நிற்கும் வரப்பைக் கடக்க இரண்டு விநாடிக்குச் சற்றுமேல் ஆகும். மேகத்தின் ஓரம் பிய்ந்திருந்தால் கொஞ்சம் கூடுதலாக. அந்த இரண்டு மூன்று விநாடியில் முன்னால் இருக்கும் நெல் மங்குகிறது, மண்ணில் விழுந்த நிழல்கள் கரைகின்றன, பின்னால் தூரத்து வயல் மட்டும் இன்னும் வெயிலில் எரிகிறது. இதற்கு வேகத்தைக் கூட்ட வேண்டியதில்லை. வயலில் வேலை செய்தவர் யாருக்கும் இது பழகிய அனுபவம். கணினிக் காட்சிகளில் நான் அரிதாகவே பார்ப்பதும் இதுதான். தூரத்தில் கறையை ஓடவிடுவது சுலபம் என்பதால் எல்லாரும் அங்கேயே போகிறார்கள்.

சினிமாக்காரர்கள் மேகத்தைக் கண்டால் எரிச்சலடைவதற்கும் இங்கே இடமுண்டு. வெளிப்புறப் படப்பிடிப்பில் ஒருவர் பேசும் ஷாட் வெயிலிலும் அடுத்தவர் பதில் சொல்லும் ஷாட் நிழலிலும் இருந்தால் காட்சி ஒட்டாது. அதனால் மேகம் விலகும்வரை யூனிட்டே காத்துக் கிடக்கும். கணினியில் நிழலைச் சேர்க்கிறவருக்கும் அதே கட்டாயம் இருக்கிறது. ஒரு ஷாட்டில் நிழல் வந்துவிட்டால், வெட்டிய பின் வரும் அடுத்த ஷாட்டில் அது எங்கே இருக்க வேண்டும் என்ற கணக்கு வந்துவிடுகிறது. பரபரப்புக்காக ஷாட்டுக்கு ஒன்று என்று தூவினால் ஒரே நிமிடத்துக்குள் ஐந்து வானம்.

நேர்மை பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஓவியருக்கும் புனைகதைப் படத்துக்கும் நிழலைச் சேர்க்க முழு உரிமை உண்டு. ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-இல் லண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட்டில் வரைந்த மேகப் பயிற்சிகள் பலவற்றின் பின்னால் நாள், நேரம், காற்றுத் திசை எல்லாம் எழுதிவைத்தார். அந்த அறிவை ஓவிய அறையில் இருந்தபடி தீட்டிய பெரிய படங்களில் பயன்படுத்தினார். குறிப்பெடுத்துக் கற்றபின் கற்பனை செய்யலாம். செய்திப் படத்துக்கும் ஆவணத்துக்கும் இந்த உரிமை இல்லை. வெலிங்டன் ஏரியில் மண் சேர்ந்ததையோ வயல் காய்ந்ததையோ காட்டும் படத்தில் இல்லாத மேகத்தை நிழலால் உணர்த்துவது, மழை வருகிறது என்று பொய் சொல்வதற்குச் சமம்.

என் தீர்ப்பு இது. தட்டை நிலத்துக்கு மேக நிழல் வேண்டும். அலங்காரத்துக்காக அல்ல, ஆழத்துக்காக. நின்ற படத்தில் அது கிடைமட்டப் பட்டையாக, தூரத்தில் நூலாக இருந்தால் ஏற்கலாம். புகைப்படத்தில் தூரிகையால் சேர்ப்பதை, கூரான நிழல் எதுவும் கண்ணுக்குத் தெரியாத தூரத்து வயலுக்கு மட்டும் அனுமதிப்பேன். முன்புலத்தில் சேர்த்தால் நிராகரிப்பேன். நகரும் படத்தில், சாதாரண வேகத்தில், காலடியைக் கடக்கும் ஒரே ஒரு ஓரம் போதும். ஆட்கள் இயல்பாக நடக்கும்போது சமவெளி முழுக்கப் பாயும் நிழலை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், தள்ளுபடி செய்ய வேண்டும். சேர்ப்பதற்குமுன் தை மாதத்து ஒரு பிற்பகல் ஏரிக்கரையில் கைக்கடிகாரத்தோடு நின்று, நிழல் ஒரு வயலைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று எண்ணிவிட்டு வாருங்கள்.